பச்சைக் கண்

“எட்டாவதுல நின்னவளுக்குக் கண்ணப் பத்தி இன்னா தெரியும்?” என்று அழகு நிலையம் நடத்தும் ஜெயசுதா ஒருமுறை இசைவாணியிடம் கேட்டிருந்தாள். இன்று காலை அதே ஜெயசுதா, இசைவாணி வேலை பார்க்கும் கள்ளக்குறிச்சி கண்ணாடிக் கடைக்கு ஒரு மணப்பெண்ணை இழுத்து வந்தாள். நேற்றைய வரவேற்புக்கு அவள் மாட்டிவிட்ட பச்சை லென்ஸோடு பெண் தூங்கிவிட, இரண்டும் காய்ந்து ஒட்டிக்கொண்டன.

இசைவாணி கையைக் கழுவித் துடைத்து, புது சலைன் பாட்டிலைத் திறந்து இரண்டு கண்ணிலும் சொட்டுவிட்டாள். கண்ணை மூடச் சொல்லி இமையை மெல்ல நீவினாள். சில நிமிடத்தில் வலது லென்ஸ் ஊறி நகர்ந்தது. விரல் நுனியால் எடுத்தாள். இடது, மூன்று முறை விட்டும் அசையவில்லை. கண் சிவந்தது. பெண் வலிக்கிறது என்றாள்.

“இதோட நிறுத்திக்கலாம். இனிமே டாக்டர்தான் எடுக்கணும்.”

“முகூர்த்தத்துக்கு ஒரு மணிநேரம்தான் கீது. ஒரு கண்ணு பச்ச, ஒண்ணு கருப்புன்னா போட்டோ இன்னாத்துக்கு ஆவும்? தள்ளு, நகத்தால எடுத்துடறேன்.” ஜெயசுதாவின் நீள நகத்தில் தங்கப்பொடி மின்னியது.

“எடுங்கக்கா. கருவிழித் தோலும் உரிஞ்சு வந்தா, அதுக்கும் மேக்கப் போட்டுடுவீங்க இல்ல?”

மணப்பெண் எழுந்தாள். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறினாள்.