ஒரு வீட்டுக்கான தயிர்

யூட், கடையில் நின்று ஜெர்மன் வாசிக்கிற ஆள் இல்லை. பின்னால் தள்ளுவண்டிகள் முட்டும், எழுத்து ஓடும். அதனால் விலைச்சீட்டுகளைக் கைபேசியில் படம் பிடித்து வந்து மனைவி புஸ்பவதியிடம் காட்டுவான். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குத் தேவாலயத்தில் முதல்நன்மை, நூற்றைம்பது பேருக்கு விருந்து. பிரியாணிக்குத் தயிர்ச் சம்பல் தன் பொறுப்பென்று மைத்துனன் விஜயரத்தினத்துக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியாயிற்று. இருபது கிலோ தயிர் வேண்டும்.

“வாளிதான் ஆதாயம். கிண்ணம் தொண்ணூறு சதம், வாளி தொண்ணூற்றொன்பது.”

புஸ்பவதி படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். கிண்ணத்துச் சீட்டின் பெரிய இலக்கத்தை வெளிச்சம் விழுங்கியிருந்தது. மூலையில் இருந்த சின்ன எழுத்துகள்தான் தெளிவு.

“இஞ்சாருங்கோ, தொண்ணூறுக்கு முன்னாலை ஒரு கிலோ எண்டெல்லோ கிடக்கு. அது கிலோ விலை. கிண்ணம் அரைக் கிலோ. அப்ப கிண்ணம் நாப்பத்தைஞ்சு சதம். வாளி ஒரு கிலோ, அதுக்கு தொண்ணூற்றொன்பது. மஞ்சள் மலிவுச் சீட்டைக் கண்டும் விளங்கேல்லையே?”

“இந்த வெட்டின அம்பத்தொன்பது?”

“பழைய விலை.”

“கடைசி வரி?”

அது மங்கல், மழையில் நனைந்த கடிதம்போல.

“இருப்பு உள்ளவரைக்கும் எண்டிருக்கும். எப்பவும் அதுதானே.”

சனிக்கிழமை யூட் நாற்பது கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு காசாளரிடம் போனான். அந்தப் பெண்மணி வண்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், எழுந்துபோய்ச் சீட்டையே கழற்றிக்கொண்டு வந்து கடைசி வரியில் விரல் வைத்தாள். ஒரு வீட்டுக்கு வழக்கமான அளவில் மட்டுமே விற்பனை.

“உங்கள் வீட்டில் எத்தனை பேர்?”

நூற்றைம்பது என்று வாய்க்குள் வந்தது. ஆனால் நேற்றுத்தான் மகளோடு போய்ப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்திருந்தான்.

“நாலு.”

“எட்டுக் கிண்ணம்.”

நாளைக்குக் கடை பூட்டு. வேறு வழியின்றி விஜயரத்தினத்துக்கே அழைப்பெடுத்தான். அவனோ தன் மனைவியையும் ஆறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்கு வருவதுபோல வந்து இறங்கினான்.

“என்ன மச்சான், ஒரு தயிர் வேண்ட ஏலாதே?”

“கடைசி வரியை வாசிக்கேல்லை.”

“நாங்கள் எட்டுப் பேர்,” என்று விஜயரத்தினம் பெண்மணியிடம் பெருமையாகச் சொன்னான். அவள் நிதானமாகத் தலைகளை எண்ணிப் பதினாறு கொடுத்தாள்.

இருபத்துநாலு கிண்ணம், பன்னிரண்டு கிலோ. வாளித் தயிரோ மத்தியானத்துக்கு முன்னமே முடிந்திருந்தது. மிச்சத்துக்குப் புஸ்பவதி வெள்ளரிக்காய் வாங்கினாள். அதற்கு அளவு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஞாயிறு பந்தியில் விஜயரத்தினம் சம்பலைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தான்.

“மச்சான், தயிர் எங்கை?”

“வடிவாத் தேடு,” என்றான் யூட். “கிடக்கும்.”