முதலில் எதனைப் படிப்பது

டெங்குக் காய்ச்சல் அகீலாவைப் பாடசாலையிலிருந்து இரண்டு கிழமைகள், பதினான்கு நாட்கள், பிரித்து வைத்திருந்தது. ஒரு கிழமை மட்டக்களப்பு வைத்தியசாலையிலும் மறு கிழமை காத்தான்குடியில் உள்ள தன் வீட்டுக் கட்டிலிலும் கழிந்தன. பல்கலைக்கழக நுழைவுக்கான உயர்தர வகுப்பில், உயிரியல் பிரிவின் முதலாம் ஆண்டில் அவள் படித்துக்கொண்டிருந்தாள். மீண்டும் வகுப்புக்குச் செல்ல வைத்தியர் அனுமதித்த அன்று, தவணைப் பரீட்சைக்குப் பத்து நாட்களே எஞ்சியிருந்தன.

"ஒரு வரிசம் போனா என்னகா?" என்றாள் அவளுடைய உம்மா ஸஹீதா. "அடுத்த வரிசத்துப் பெட்சோட சேந்து படி. உசிரு தப்பினதே பெரிய விசயம்."

"என்ட கூட்டாளிமாரெல்லாம் கம்பஸ் போக நான் இங்க இருந்து கையாட்டிறதா உம்மா?"

"வாயி மட்டும் காச்சல்ல மெலியல்ல." ஸஹீதா சிறிது யோசித்தாள். "சரி. இந்தத் தவணையில கெமிஸ்ட்ரி பாஸ் பண்ணிக் காட்டு. இல்லாட்டி நான் அதிபரிட்ட போய்ச் சொல்லி ஒன்ன அடுத்த பெட்சில போடுவன்."

இரசாயனவியலை உம்மா குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. காய்ச்சலுக்கு முன்னரே அப்பாடத்தில்தான் அகீலா தடுமாறிக்கொண்டிருந்தாள்.

அவர்களுடைய பாடசாலையில் குறிப்புக் கொப்பி முழுமையாக இல்லாத பிள்ளையைத் தவணை முடிவில் ஆசிரியைகள் எழுப்பி நிறுத்துவர். ஆதலால் வகுப்புக்கு வராதவள் செய்யும் முதல் வேலை, வகுப்பிலேயே அழகான கொப்பியை இரவல் வாங்கி, முதற் பக்கத்திலிருந்து அப்படியே பிரதி செய்வதாகும். அகீலாவும் அவ்வாறே தொடங்கினாள். வகுப்பில் முதலிடம் பெறும் ஹப்ஸா தன் கொப்பிகளைப் பெருந்தன்மையோடு கொடுத்தாள். தலைப்புகள் சிவப்பு மையிலும் விடைகள் நீலக் கட்டங்களுக்குள்ளும் இருந்தன. உயிரியற் படங்களுக்கு நிறந்தீட்டுவதிலேயே அகீலாவுக்கு இரண்டு மாலைகள் சென்றன. உம்மா பக்கத்திலிருந்து ஓரக்கோடு அடித்துக் கொடுத்தாள். இருவருக்கும் மிகுந்த திருப்தி.

மூன்றாம் நாள், இரசாயனவியல் கற்பிக்கும் பிரஷாந்தி டீச்சர் அவளைக் கரும்பலகைக்கு அழைத்தார். அமிலமும் காரமும் சம அளவில், சம செறிவில் கலக்கப்படுகின்றன, வெப்பநிலை உயர்கிறது, மூல் என்ற அளவில் ஒரு மூல் நீர் உண்டாகும்போது வெளிவரும் வெப்பம் யாது? வெளிவந்த வெப்பத்தை அகீலா சரியாகக் கணித்தாள். ஆனால் அமிலத்தின் மூல்களையும் காரத்தின் மூல்களையும் கூட்டி, அத்தொகையால் அதனை வகுத்தாள். விடை பாதியாகக் குறைந்துவிட்டது.

"ஏன் மகள் ரெண்டையும் கூட்டினீங்க?" என்று டீச்சர் கேட்டார். "ஒரு மூல் அமிலமும் ஒரு மூல் காரமும் சேந்து எத்தின மூல் தண்ணி தரும்?"

ஒரு மூல்தான் என்று டீச்சரே கரும்பலகையில் திருத்தி எழுதினார். அக்கணிப்புகள் அவள் காய்ச்சலில் கிடந்த முதற் கிழமையில் கற்பிக்கப்பட்டவை. ஹப்ஸாவின் கொப்பியில் அவை இருந்தன; ஆனால் அவள் இன்னும் அந்தப் பக்கத்தை அடைந்திருக்கவில்லை.

அன்று மாலை நிறப்பென்சில்களை ஒதுக்கி வைத்துவிட்டு, தவறவிட்ட அலகுகளைப் பழைய கலண்டர்த் தாளொன்றின் பின்புறத்தில் எழுதினாள். ஒவ்வொன்றையும் நோக்கி, 'இது தெரியாவிட்டால் நாளைய பாடம் விளங்குமா?' என்று தன்னைத்தானே கேட்டாள். இரசாயனக் கணிப்பு இல்லாமல் வாயுக்களும் விளங்கா, வெப்பவியலும் விளங்காது. ஆகவே அது முதலாவது. பௌதிகவியலில் நியூற்றனின் விதிகளுக்கும் அதே நிலைதான். பரீட்சையில் அதிகப் புள்ளி தருவனவும் பிறர் சொல்லித்தராமல் விளங்காதனவும் அடுத்து வந்தன. புத்தகத்தை வாசித்தே விளங்கிக்கொள்ளக்கூடிய தாவரப் பாகுபாடு கடைசிக்குச் சென்றது. அவள் நிறந்தீட்டிய படங்கள் அந்தக் கடைசிப் பகுதிக்கே உரியவை.

பின்னர் ஹப்ஸாவின் இரசாயனக் கொப்பியைத் திறந்தாள். அங்கே வினாவுக்கு அடுத்த வரியிலேயே விடை நின்றது. இடைப்பட்ட படிகளை ஹப்ஸா மனத்திலேயே செய்து முடித்துவிடுபவள். அவளுக்கு அவற்றை எழுதவேண்டிய தேவை இல்லை. அகீலாவுக்கோ அவையே தேவைப்பட்டன.

மறுநாள் இடைவேளையில் கடைசி வரிசை வாங்கில் அமர்ந்திருந்த ஸாதியாவிடம் சென்றாள். ஒவ்வொரு பாடத்திலும் "ஏன் டீச்சர்?" என்று கேட்டுக் கேட்டே பெயர் எடுத்தவள் ஸாதியா.

"என்ட கொப்பியா?" ஸாதியா வாய்விட்டுச் சிரித்தாள். "ஹப்ஸாட கொப்பிய வெச்சிக்கிட்டு என்னட்ட வாறாயே! என்ட எழுத்த வாசிக்க ஒனக்கு இன்னொரு காச்சல் வரும் புள்ள."

"வந்தா வரட்டும். நீ வெட்டி வெட்டி எழுதியிரிக்கியே, அதுதான் எனக்கு வேணும்."

"வெட்டினதயா? இந்தக் காச்சல் தலைக்கும் ஏறியிரிக்கி."

ஆயினும் இணங்கினாள். பரீட்சைக்குப் படிக்க ஸாதியாவுக்கும் அக்கொப்பி வேண்டியிருந்ததால், வேண்டிய பக்கங்களை மட்டும் பாடசாலை விட்டபின் அவளுடைய வீட்டில் வைத்து அகீலா கைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள்.

அப்பக்கங்கள் ஒரு சந்தையைப் போல இரைச்சலாக இருந்தன. ஓரிடத்தில் ஐம்பது கிராம் என்று எழுதி வெட்டி, நூறு என்று திருத்தி, 'ரெண்டு கரைசலும் சேந்துதானே சூடாகுது, மடச்சி' என்று தன்னையே ஏசியிருந்தாள் ஸாதியா. இன்னோரிடத்தில், 'எது முதல்ல முடியுதோ அதுதான் கணக்கு' என்று டீச்சர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள். அகீலா ஒன்றையும் பிரதி செய்யவில்லை. ஒரு கணக்கை வாசித்தாள், படத்தை மூடினாள், வெறுந்தாளில் தானே செய்து பார்த்தாள், பிழைத்த இடத்தை மட்டும் மீண்டும் திறந்து பார்த்தாள்.

வாயுக் கணக்கொன்றில் இருவருடைய விடைகளும் ஒவ்வவில்லை. ஸாதியா வெப்பநிலையை இருபத்தேழு என்றே இட்டிருந்தாள். ஹப்ஸா முந்நூறு என்று இட்டிருந்தாள். அகீலா பாடநூலைப் புரட்டி, கெல்வினுக்கு மாற்ற வேண்டும் என்பதை உறுதி செய்துகொண்டு ஸாதியாவைக் கைபேசியில் அழைத்தாள்.

"இருநூத்தி எழுபத்திமூணக் கூட்ட மறந்திட்டாய்."

"ஏன் கூட்டணும்?"

அகீலா விளக்கினாள். விளக்கி முடித்தபோது அது தனக்கும் மறக்க முடியாத அளவுக்குப் பதிந்துவிட்டதை உணர்ந்தாள்.

உம்மாவுக்கு மட்டும் ஐயம் தீரவில்லை. "கொப்பியெல்லாம் வெறுசாக் கிடக்கே மகள்! டீச்சர் எழுப்பி நிப்பாட்டினா?"

"நிக்கிறன் உம்மா. நிண்டாலும் கணக்குச் செய்வன்."

பரீட்சை வந்தது. உயிரியல் வினாத்தாளில் தாவரப் பாகுபாடு பற்றிய கட்டுரை வினா தெரிவுக்குரியதாக வந்திருந்தது. அகீலா தயங்காமல் அதனை விடுத்து மற்றவற்றை எழுதினாள். இரசாயனவியலில் அமிலமும் காரமும் மீண்டும் வந்தன. ஆனால் இம்முறை செறிவு சமமாயினும் அளவு சமமன்று. அமிலம் நாற்பது மில்லிலீற்றர், காரம் அறுபது. அவள் பேனை ஒரு கணம் நின்றது. வெப்பமடைவது முழுக் கரைசல், ஆகவே நூறு. முதலில் முடிவது அமிலம், ஆகவே நாற்பதுக்குரிய மூல்கள். வெப்பம் வெளியேறுகிறது, ஆகவே கழித்தல் அடையாளமான மறைக்குறி. எழுதி முடித்து, கீழே இருமுறை கோடிட்டாள்.

விடைத்தாள்கள் திரும்பிய நாளில், அகீலாவின் கொப்பி நிறைவுபெறாததைக் கண்டு பிரஷாந்தி டீச்சர் அவளை எழுப்பினார். பின்னர் விடைத்தாளைப் பார்த்தார். அமருமாறு கையால் காட்டினார்.

"அம்பத்தெட்டு," என்றாள் அகீலா, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபடியே. "பாஸ்."

ஸஹீதா விடைத்தாளை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தாள். "ஹப்ஸாக்கு எத்தின?"

"உம்மா!"

"சும்மா கேட்டன்கா." தாளை மடித்து மகளிடம் நீட்டியபோது அவள் கண்கள் கலங்கியிருந்தன. "சரி, அதிபரிட்ட நான் போகல்ல. நீ ஒன்ட பெட்சோடயே படி. ஆனா இனி டெங்கு வராம நுளம்பு வலைக்க படுக்காட்டி, அல்லாஹ் அறிய, அந்தக் கம்பஸ் கத்திரிக்காயெல்லாம் நான் பாக்க மாட்டன்."