பொத்தான் வெள்ளோட்டம்

"நீ போயிட்டா எனக்கு யாருடி ஞாபகப்படுத்துவா?"

வெளியூர் பிரெட் கம்பெனியிலிருந்து வேலைக்கு வரச்சொல்லி அழைப்பு வந்த அன்று அம்மா கேட்டது இது. கேட்டுவிட்டு, எதுவும் கேட்காதவள் போல ஊசியில் நூல் கோக்கத் திரும்பிவிட்டாள். மகளால்தான் அதைக் கேட்காததுபோல விட முடியவில்லை.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் நீரழுத்த நோய். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குச் சொட்டு மருந்து. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். கண்ணாடி முன் நின்று தானே சொட்டு விட அம்மாவின் கை பழகிவிட்டது. நேரம்தான் பழகவில்லை. தையல் மெஷினில் உட்கார்ந்தால் வீடு தீப்பிடித்தாலும் தெரியாது. மகள் வந்து தோளைத் தொட்டால்தான் எழுந்திருப்பாள். மகளுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இதனால்தான் கைவிட்டுப் போயிருந்தது.

"போன்ல அலாரம் வெச்சா முடிஞ்சுது. நாளைக்கே கிளம்பு, வேன்ல கொண்டுபோய் விடறேன்" என்றான், வாடகை வேன் ஓட்டிவிட்டு ராத்திரிதான் வீடு திரும்பும் அண்ணன்.

"மூணு நாள் வெள்ளோட்டம் பாத்துட்டுப் போறேன்ணா."

"அலாரத்துக்கு வெள்ளோட்டமா? கப்பலா விடப்போற?"

அவள் தலை குனிந்தாள். ஆனால் விடவில்லை. அவள் ஏற்பாட்டில் அலாரம் ஆறு மணிக்கு அடிக்கும். அடித்ததும் அம்மா எழுந்து, வாஷ்பேசின் மேலிருக்கும் அலமாரிக் கிண்ணத்தில் ஒரு பொத்தானைப் போட வேண்டும். உண்மையான சொட்டை ஏழு மணிக்கு எப்போதும்போல மகளே ஞாபகப்படுத்துவாள். தவறினால் ஒரு பொத்தான்தான் தவறும், கண் தப்பிக்கும். ஆறு மணிக்கு மட்டும் மகள் வாயைத் திறக்கவே கூடாது.

முதல் நாள் அலாரம் அடித்து ஓய்வதற்குள் கிண்ணத்தில் டக்கென்று சத்தம். "எப்படி?" என்று அம்மா பரீட்சையில் பாஸான குழந்தைபோலப் பார்த்தாள்.

இரண்டாம் நாள் ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கை அவசரம். போன் மெஷின் மேலேயே இருந்தது. அலாரம் அடித்தது. அம்மா வாயில் குண்டூசியைக் கவ்வியபடி, கண்ணைத் துணியிலிருந்து எடுக்காமல், ஒற்றை விரலால் அதை அணைத்தாள். கையைப் பாதியில் எடுத்தால் தையல் கோணும். இந்த ஓரம் முடியட்டும் என்று நினைத்திருப்பாள். ஓரம் முடிந்தது, அடுத்த ஓரம் வந்தது. சமையலறையில் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பொத்தான் விழவேயில்லை.

ஏழு மணிக்கு அவள் தோளைத் தொட்டதும் அம்மா திடுக்கிட்டாள். "அய்யோ, அடிச்சுதே! நானே நிறுத்தினேனே!"

"நிறுத்தினதும் செஞ்சு முடிச்ச மாதிரி ஆயிடுச்சும்மா."

அம்மாவின் முகம் வாடியது. "இது சொட்டா இருந்திருந்தா?"

"பொத்தான்தானேம்மா? நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது."

அன்றைக்கே மகள் போனை மெஷினிலிருந்து எடுத்து, அலமாரியில் சொட்டு டப்பாவுக்குப் பக்கத்தில், சார்ஜரோடு வைத்தாள். சத்தத்தைக் கடைசிவரை கூட்டினாள். அம்மாவை முழு வேகத்தில் மெஷினை ஓட்டச் சொல்லி, கேட்கிறதா என்று பார்த்தாள். இனி அலாரத்தை நிறுத்தவேண்டுமானால் எழுந்து நடக்க வேண்டும். நடந்தால் எதிரே டப்பா.

"அப்ப நாளையோட முடியுதா?" என்றான் அண்ணன்.

"இல்லண்ணா. முதல்லேர்ந்து மூணு நாள்."

"வேலையில சேர்றதுக்குள்ள உனக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும்!"

புதுக் கணக்கில் முதல் நாள் மெஷின் பாதி ஓரத்தில் நின்றது. அம்மா முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். "சனியன், காது கிழியுது." டக். மறுநாள் அளவு கொடுக்க வந்தவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். அலாரம் அலறியதும், "இரும்மா, என் மாமியார் கூப்பிடறா" என்று அம்மா எழுந்து போனாள். டக். கடைசி நாள் மகள் வேண்டுமென்றே வெளியே போய்விட்டாள். திரும்பி வந்து கிண்ணத்தைப் பார்த்தாள். புதுக் கணக்கின் மூன்றாவது பொத்தான் சிவப்பாகச் சிரித்தது. எத்தனையோ மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப்போனது போலிருந்தது அவளுக்கு.

மறுநாள் அலாரத்தின் நேரத்தை மட்டும் ஏழுக்கு மாற்றினாள். வேறெதையும் தொடவில்லை. இன்று பொத்தான் இல்லை, சொட்டு.

சாயங்காலம் வேன் வாசலில் வந்து நின்றது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் கதவருகே நின்றபோது அலாரம் அலறியது. மெஷின் நின்றது. அம்மா எழுந்து போய்ச் சத்தத்தை நிறுத்தி, கையைக் கழுவி, தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு விட்டாள். அடுத்த கண்ணிலும் ஒன்று. பிறகு கண்ணை மூடி, மூக்கோரத்தை இரண்டு விரலால் அழுத்தியபடி அப்படியே நின்றாள். முகத்தில் கர்வம் தெரிந்தது.

"இருக்கியாடி? பாத்தியா?" என்றாள், கண் திறக்காமல்.

மகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அருகில் போய், எப்போதும் தொடுகிற இடத்தில் அம்மாவின் தோளை ஒருமுறை தொட்டாள். அம்மா தலையசைத்தாள். மகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அம்மா கண் திறப்பதற்குள் படியிறங்கினாள்.