துரையின் தாடையில் ஆரஞ்சுப் பொடி

யாரையும் எடுத்த எடுப்பில் நம்பும் பழக்கம் எனக்குக் கிடையாது. நான் பார்ப்பது விலங்கு வைத்தியம். என் நோயாளிகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அவர்களைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். "ஒன்னுமே குடுக்கல டாக்டர்" என்று சத்தியம் பண்ணுவார்கள். சொல்லி வாய் மூடுவதற்குள் நாய் அரைக் கேக்கை மேசையில் கக்கி வைக்கும்.

அன்றைக்குச் சாயங்காலம் மூன்று பேர் வந்தார்கள். முன்னால் ஒரு பெண், ஒரு கையில் பூனைக்கூடை, மறு கையில் பிளாஸ்டிக் பை. அவளுக்குப் பின்னால் அவள் கணவர். அவருக்கும் பின்னால், சுவரோடு சுவராக, அவருடைய தங்கை. தங்கை மாடியில் குடியிருக்கிறாள், இவர்கள் கீழ்வீட்டில். பூனையின் பெயர் துரை. வெள்ளை வெளேரென்று, பெயருக்கு ஏற்ற முறைப்போடு இருந்தது.

கூடையை வைப்பதற்கு முன்பே அந்தப் பெண் பையைக் கவிழ்த்தாள். மேசை முழுக்க இலை.

"இதெல்லாம் என் நாத்தனார் வீட்டுச் செடி டாக்டர். எதுல விஷம்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

துரை மண்ணைக் கிளறுகிறது என்று நாத்தனார் போன மாதம் முகம் சுளித்தாளாம். இன்றைக்கு இவள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் பாய் மேல் வாந்தி. முடிச்சுப் போட இவளுக்கு வேறென்ன வேண்டும்?

என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். உப்புத்தண்ணீர் புகட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும் என்று கணவர் சொன்னாராம், இவள் விடவில்லை. பூனையின் வாயைத் திறந்து பார்த்து, ஈரத்துணியால் துடைத்து, வாந்தியைப் படம் எடுத்துக்கொண்டு, தொட்டிக்கு ஓர் இலை கிள்ளிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். இலையைக் கிள்ளியது துப்புத் துலக்கத்தான், ஆனாலும் அதுதான் சரியான காரியம். உப்பு, எண்ணெய், பால், தொண்டையில் விரல் எதுவும் கூடாது என்றேன். வாந்தி எடுக்க வைப்பதா வேண்டாமா என்பது வைத்தியர் முடிவு. உப்பைக் கரைத்து ஊற்றியிருந்தால் ஒரு வியாதி இரண்டாகியிருக்கும்.

இலைகளைப் பார்த்தேன். மணி பிளான்ட்டும் புள்ளி போட்ட டிஃபன்பாக்கியாவும் கடித்தால் வாயில் ஊசி குத்தினது போல எரியும். வாய் சிவந்து எச்சில் ஒழுகும். துரையின் வாய் சுத்தமாக இருந்தது. கற்றாழை என்றால் வாந்தியோடு வயிற்றுப்போக்கும் இருக்கும், அதுவும் இல்லை. ஸ்பைடர் செடி ஒன்றும் செய்யாது. நாத்தனார் மெல்லிய குரலில், தன்னிடம் ஒரு நாய்க்குட்டி இருப்பதாகவும், ஒவ்வொரு செடியையும் பார்த்துக் கெட்டதையெல்லாம் உத்தரத்துக் கொக்கியில் தொங்கவிட்டிருப்பதாகவும் சொன்னாள்.

"ஆமா, எல்லாம் பாத்துப் பாத்துத்தான் செஞ்சிருக்க" என்றாள் அண்ணி. அதைக் கேட்டால் பச்சை மிளகாயே கண் கலங்கும்.

இதற்குள் துரை என் ஸ்டெதாஸ்கோப் குழாயைப் பிடித்து விளையாட ஆரம்பித்துவிட்டது. கணவருக்கு உயிர் வந்தது. "நல்லாத்தான் இருக்கு, கூட்டிட்டுப் போயிடலாமே" என்றார். வந்ததிலிருந்து அவர் பூனையைவிடக் கதவைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனாரை விட்டுவிட்டு என் சந்தேகம் அவர் பக்கம் திரும்பியது.

துரையின் தலையை நிமிர்த்தினேன். தாடைக்கு அடியில், வெள்ளை முடியில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு கறை. சமையல் பொடியாக இருக்கும் என்றார் கணவர். ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். மகரந்தம்.

"வீட்டுல பூ ஏதாவது இருக்கா?"

எங்கள் வீட்டில் பூவே வைப்பதில்லை என்றாள் மனைவி. நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். நான் அதைக் கவனித்தேன். மனைவியும் கவனித்துவிட்டாள்.

பூ லில்லியாக இருந்தால் என்ன ஆகும் என்று மூன்று பேருக்கும் சேர்த்தே சொன்னேன். இலை, இதழ், மகரந்தம், பூ வைத்த ஜாடித் தண்ணீர், எதை நக்கினாலும் பூனைக்கு ஆபத்து. முதலில் வாந்தி. பிறகு தேறிவிட்டது போலத் தோன்றும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் நின்றுவிடும். சீக்கிரம் டிரிப் ஏற்றினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சிறுநீர் நின்ற பிறகு வந்தால் என் கையில் அநேகமாக ஒன்றும் இருக்காது.

மனைவி நாத்தனார் பக்கம் திரும்பினாள். "வேணும்னேதான் வெச்சியா?"

நாத்தனார் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அப்போதும் அண்ணனைத்தான் பார்த்தாள். அண்ணன்காரர் என் சுவரில் இருந்த குடற்புழுப் படத்தை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம்.

"உங்க குடும்பக் கதை எனக்கு வேணாம் சார். என்ன பூ, எப்போ நக்குச்சு? ரெண்டே பதில்."

அவர் புழுவைப் பார்த்தபடியே சொன்னார். "லில்லிதான். ஆபீஸ்ல வழியனுப்பறப்போ குடுத்தாங்க."

வேலை போய்விட்டதாம். வீட்டில் சொல்லத் தைரியம் இல்லை. தினமும் காலையில் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு கிளம்பி, தெருமுனையில் காத்திருந்து, மனைவி போனதும் தங்கை வீட்டுக்கு ஏறிவிடுவாராம். அந்தப் பூங்கொத்தும் அங்கே, மனைவி கண்ணில் படாமல், உள்ளறை மேசையில், ஜாடியில். தங்கையின் நாய்க்குட்டி ஓர் இதழைக் கடித்துத் தின்றது, ஒன்றும் ஆகவில்லை. அதனால் துரை பூவில் முகத்தைத் தேய்த்து ஜாடித் தண்ணீரை நக்கியபோது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நாய்க்கு ஒன்னும் ஆகலியே டாக்டர்" என்றார், என்னவோ நான்தான் ஏமாற்றிவிட்டது மாதிரி. நாய்க்கு லில்லியால் வயிறு கெடலாம், பெரும்பாலும் அத்தோடு சரி. சிறுநீரகத்தைக் காவு வாங்குவது பூனையிடம் மட்டும்தான்.

"தொட்டியில இருந்ததெல்லாம் பாத்துட்டேன்" என்றாள் தங்கை. "ஜாடியில இருந்ததையும் பாக்கணும்னு தோணவே இல்ல. வாந்தின்னு கேட்டதும் அண்ணன்கிட்ட சொன்னேன். பூவால இருக்காது, வாயத் தொறக்காதேன்னான்."

மனைவி கணவரைப் பார்த்துக் கேட்டாள். "எப்போ?"

"போன வெள்ளிக்கிழமை. மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டு..."

"வேலையக் கேக்கல. துரை எப்போ நக்குச்சு?"

"காலைல. நீ கெளம்பின கொஞ்ச நேரத்துல."

நேரம் இன்னும் கடந்துவிடவில்லை. ரத்தம் எடுத்துச் சோதனைக்கு வைத்தேன். முன்காலில் முடி மழித்து டிரிப் ஏற்றினேன். கறையைக் கழுவி, மறுபடி நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டினேன். துரை என்னைக் கொலைகாரப் பார்வை பார்த்தது. பூங்கொத்தைப் பையில் கட்டி எறிந்துவிட்டு மேசையையும் தரையையும் ஈரத்துணியால் துடைக்கும்படி தங்கையை அனுப்பினேன்.

துரை மூன்று நாள் என்னிடம் இருந்தது. மனைவி தினமும் வேலை முடிந்து தனியாக வந்து, கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வாள். வேலை போன விஷயத்தில் வீட்டில் பெரிய சண்டையாகியிருக்கும் என்று நினைத்திருந்தேன். இரண்டாம் நாள் அவளாகவே பேசினாள்.

"வேலை போச்சுன்னா போகட்டும் டாக்டர், ரெண்டு நாள் கத்தியிருப்பேன். நான் அவளை விஷம் வெச்சவள்னு பேசினேன். அதைக் கேட்டுக்கிட்டுக் கல்லு மாதிரி நின்னாரே, கூடப் பொறந்தவ இல்லையா?"

டிரிப் சொட்டுவதைச் சரிபார்த்தேன்.

மூன்றாம் நாள் ரத்தம் நன்றாக இருந்தது, சிறுநீரும் தடையில்லாமல் போயிற்று. அழைத்துப் போக மூன்று பேரும் வந்தார்கள். துரையைக் கூடையில் வைத்து மூடினேன். கணவர் வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினார். மனைவி அவரைத் தாண்டிப் போய்க் கூடையை நாத்தனார் கையில் கொடுத்தாள்.

"கெட்டியா புடி, கனக்கும்."

நாத்தனார் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவர் நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல், போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.