கடைசிப் பத்தி

வார இணைப்பில் புத்தகப் பக்கம் என்னுடையது. மதிப்புரைக்கு ஆள் பிடிப்பது, தலைப்பு வைப்பது, எழுத்துப்பிழைக்குத் திட்டு வாங்குவது எல்லாம் நான்தான். என் பக்கத்தில் இதுவரை ஒரு பொய்ப் பாராட்டு வந்ததில்லை என்று மார்தட்டிச் சொல்வேன். கேட்காதவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவளுடைய அண்ணன் நாவல் எழுதிவிட்டார்.

அண்ணன் கட்டடப் பொறியாளர். ஓய்வு பெற்ற கையோடு எழுத உட்கார்ந்தார். முதலில் படித்தது நான்தான். ஒரு பொறியாளர் கட்டிய அடுக்குமாடியில் விரிசல் விடுகிறது. குடியிருப்பவர்கள் பயப்படுகிறார்கள். கட்டடம் பத்திரமானதுதான் என்று காட்ட, அவரே மனைவியோடு விரிசல் விட்ட வீட்டில் குடியேறுகிறார். இதுதான் கதை. நல்ல கதை. நான் இரண்டே விஷயம் சொன்னேன்: கடைசி அத்தியாயத்தில் எல்லாவற்றையும் விளக்காதீர்கள், நடுவில் பதினோரு பக்கம் அந்தப் பொறியாளர் விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டிவிட்டு, விரிசல் வளர்ந்து அது உடைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார், அதைத் தூக்குங்கள்.

"நீ பேப்பர்காரி. உனக்கு எதப் பாத்தாலும் நீளமாத்தான் தெரியும்" என்றார் அண்ணன்.

"உங்களுக்கு நீங்க கட்டுன எதுலயுமே விரிசல் தெரியாது" என்றேன் நான்.

அதோடு இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டில் ஒன்றையும் மாற்றாமல் புத்தகம் வெளிவந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பாவிலிருந்து சின்ன மருமகன்வரை எல்லோரும் "அருமை" என்று போட்டார்கள். எத்தனை பேர் படித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் கொஞ்சம் நாகரிகம் உண்டு.

மதிப்புரைக்குப் புத்தகம் வந்ததும் நேராக இணைப்பு ஆசிரியரிடம் போனேன். "சார், இது எங்க அண்ணன் புத்தகம். எழுதப்போறது யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. அடியில உறவு என்னன்னு ஒரு வரி போட்டுடணும்."

அவர் யோசிக்கவே இல்லை. "தராசுக்கு அனுப்பிடலாம்."

தராசு என்பது ஒரு கல்லூரியின் நூலகர் அம்மா. நாங்கள் வைத்த பெயர். புத்தகத்தை இரண்டு முறை படிக்காமல் ஒரு வரி எழுதமாட்டார். முகத்துக்காக எழுதும் வழக்கம் அவரிடம் கிடையாது. வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

செய்தி எப்படியோ அண்ணி காதுக்குப் போய்விட்டது. போன் செய்தார். "அவங்க ஏதாவது குத்தம் எழுதியிருந்தா நீ கொஞ்சம் பாத்துக்கோம்மா. உங்க அண்ணன் ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுக்கறார்."

"அண்ணி, என் பக்கத்துல அப்படியெல்லாம்..."

"குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லைன்னு சும்மாவா சொன்னாங்க?" என்று வைத்துவிட்டார்.

மதிப்புரை வந்தது. கதைச்சுருக்கம் இரண்டு பத்தி, கண்ணாடி உடைந்ததா இல்லையா என்பதைச் சொல்லாமல். மூன்றாவது பத்தி பாராட்டு. படித்ததும் எனக்கு முகம் சுருங்கியது. நாவலின் உச்சமே அந்தப் பதினோரு பக்கம்தான் என்று எழுதியிருந்தார். 'ஒன்றுமே நடக்காத இடத்தில் ஒரு மனிதனின் பயம் முழுவதையும் ஆசிரியர் காட்டிவிடுகிறார். வாசகரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கண்ணாடியைப் பார்க்கிறார்.' இருபது வருடமாகப் பிரதி திருத்துபவள் நான். எனக்கு மூக்கு உடைந்தது.

கடைசிப் பத்தி குறை. 'மனைவி கேள்வி கேட்பதற்காகவே நாவலில் இருக்கிறாள். கணவன் விளக்குவதற்கு அவள் ஒரு காரணம், அவ்வளவுதான். அவளுக்கென்று ஒரு நாள், ஒரு கோபம், ஒரு நினைப்பு இல்லை. சுவரின் விரிசல் எதைக் குறிக்கிறது என்று நாம் எப்போதோ புரிந்துகொண்டதை, கடைசி அத்தியாயம் நமக்குப் பாடம் நடத்துகிறது.'

கடைசி அத்தியாயம்! நான் சொன்ன அதே குறை. அச்சில் பார்த்தால் அண்ணன் என்ன நினைப்பார்? தங்கை சொல்லிக்கொடுத்து எழுதவைத்தாள் என்றுதான். இரண்டு மாதச் சண்டை இனி ஆயுளுக்கும் நீளும்.

இணைப்பு முடிக்கும் நாள் அன்று, போதாத குறைக்கு, விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு மெத்தைக் கடை விளம்பரம் வந்து விழுந்தது. மதிப்புரையில் ஒரு பத்தி போயாக வேண்டும்.

"கீழேர்ந்து வெட்டிடுங்கம்மா" என்றார் ஆசிரியர், அட்டைப்படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். எல்லாப் பத்திரிகையிலும் இதுதான் வழக்கம். இடம் போதாவிட்டால் கடைசிப் பத்தியின் தலை உருளும். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அண்ணனும் தப்பித்தார், நானும் தப்பித்தேன், பழி மெத்தைக்கடைக்காரர்மேல்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். என் சதை நன்றாகவே ஆடியது. கடைசிப் பத்தி வேண்டாமென்றால் மூன்றாவது பத்தியை எடுக்கலாமே என்று அகம்பாவம் வேறு ஒரு பக்கம் கிள்ளியது. அப்படிச் செய்தால் நான் சொன்னது மட்டும் சரி, அண்ணன் செய்தது முழுக்கத் தப்பு என்று ஊருக்கே தெரியும்.

எழுந்து ஆசிரியர் மேசைக்குப் போனேன். "சார், குறையை எடுத்தா இது மதிப்புரை இல்ல, வாழ்த்து மடல். பாராட்டை எடுத்தா வசவு. நான் ரெண்டையும் தொடமாட்டேன். எழுதினவங்களையே கேக்கலாம்."

அவர் இப்போதுதான் தலையை நிமிர்த்தினார். "உங்க அண்ணன்தானே?"

"அதனாலதான் சார்."

ஆசிரியரே தராசுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். தராசு ஒரு நிமிடம் யோசித்தார். "சுருக்கத்துல ரெண்டாவது பத்தி போகட்டும். அந்தக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கதை நாவல்ல கிளைதான். அது இல்லாமலும் வாசகருக்குப் புரியும். மத்ததுல கைவைக்காதீங்க."

போயிற்று. அடியில் என் உறவைச் சொல்லும் வரியும் ஏறிக்கொண்டது. பக்கத்தை அனுப்பிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். பயமாகத்தான் இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பல்கூடத் துலக்கவில்லை, அண்ணன் போன்.

"கடைசி அத்தியாயம் பாடம் நடத்துதாம். இது உன் வாய். நீ சொன்னதேதான்."

"அண்ணா..."

"இரு, முடிச்சுக்கறேன். முதல்ல அப்படித்தான் கொதிச்சேன். அப்புறம் அதுக்கு மேல இருக்கற பத்திய மறுபடி படிச்சேன். நீ தூக்கச் சொன்ன பதினோரு பக்கத்த அந்தம்மா தலையில தூக்கி வச்சுக் கொண்டாடியிருக்காங்க. நீ சொல்லிக்குடுத்து எழுதியிருந்தா, இந்தப் பத்தி வந்திருக்குமா?" குரலில் சிரிப்பு ஏறியது. "உன் பேப்பர், உன் பக்கம். அதுலயே உனக்கு ஒரு குட்டு விழுந்திருக்கு. அதையும் அப்படியே விட்டிருக்கியே! என் தங்கச்சி பக்கம்னு காலையிலேர்ந்து எதிர்வீட்டுக்காரர்கிட்ட காட்டிட்டு இருக்கேன்."

"அந்தப் பதினோரு பக்கம் நான் சொன்னது தப்புதாண்ணா."

"கடைசி அத்தியாயம் நான் செஞ்சது தப்பு. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

மறுமுனையில் ஏதோ இழுபறி. அண்ணி போனைப் பிடுங்கியிருந்தார். குற்றம், சுற்றம் என்று ஆரம்பிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"அந்த நூலகர் நம்பர் குடும்மா."

"எதுக்கு அண்ணி?"

"இந்த வீட்டுல முப்பது வருஷமா, ஏன், எப்படி, அப்புறம்னு கேட்டுட்டே உக்காந்திருக்கேன். எனக்கும் ஒரு கோபம் இருக்கும், ஒரு நினைப்பு இருக்கும்னு யாரும் சொன்னதில்ல. அவங்க பேப்பர்லயே போட்டுட்டாங்க." அண்ணி குரலைத் தாழ்த்தவில்லை. அண்ணன் கேட்கவேண்டும் என்றே பேசினார். "அடுத்த பதிப்புக்கு முன்னால உங்க அண்ணன் என்கிட்ட உக்காந்து கேட்டு எழுதட்டும். இந்தத் தடவை கேள்வி அவர் கேக்கட்டும்."