பொட்டு வைத்த லைசென்ஸ்

சசிரேகாவுக்குப் பொய் சொல்ல வராது. அன்றைக்குக் காஞ்சிபுரம் கோர்ட்டில் அவளைப் பொய் சொல்லச் சொன்னவர்களும் யாரும் இல்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள், மீதியை விழுங்கிவிடுங்கள் என்றுதான் அவளுடைய வக்கீல் தமிழரசன் சொன்னார். அந்த ஒன்றுதான் அவளால் முடியாமல் போனது.

உத்திரமேரூர் பக்கம் சொந்தமாக லாரி வைத்திருந்த பெண் அவள் ஒருத்திதான். ஆசைப்பட்டு வாங்கியதல்ல. புருஷன் பஞ்சாட்சரம் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்த ஆறு சக்கர லாரி அது. கொரோனா வருஷத்தில் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. லாரி அவள் பேருக்கு மாறியது. ஏரிக்குக் கீழே இருந்த ஒரு ஏக்கர் முப்பது சென்ட் நிலமும் மாறியது. வசந்த்குமாரை டிரைவராக வைத்தாள். நல்ல பையன், குடிக்க மாட்டான், வண்டியைத் தன் வண்டி மாதிரி துடைப்பான். வேலைக்குச் சேரும்போது லைசென்ஸைக் காட்டினான், அவளும் பார்த்தாள்.

அந்தக் கார்டில் இரண்டு தேதி இருக்கும். முதல் வரி, கார் பைக் ஓட்டுவதற்கு. அது 2036 வரை. இரண்டாவது வரி, லாரி மாதிரி வாடகை வண்டி ஓட்டுவதற்கு. அது 2022 பிப்ரவரி வரை. மேலே இருப்பது கண்ணில் படும், கீழே இருப்பது படாது. 2036 என்றதும் அவளுக்கு நிம்மதி. அதற்குள் தன் மகள் ஏதாவது ஆபீசில் உட்கார்ந்திருப்பாள் என்று கூட நினைத்துக்கொண்டாள். வசந்த்குமாரும் அந்த மேல் வரியை நம்பித்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். கார்டை வைத்திருந்தவனே படிக்காததை வேறு யார் படிப்பார்கள்?

2023 காணும் பொங்கலுக்கு மறுநாள். நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போன லாரி, ஏரிக்கரை வளைவில் ஒரு டிராக்டரை முந்தியது. எதிரே மொபட்டில் சாம்சன் வந்தான். கொத்து வேலைக்குப் போகிறவன், முப்பத்து நான்கு வயது. அவன் மனைவி சோபியா இதே சசிரேகாவின் நிலத்தில் நாற்று நடுகிறவள். வசந்த்குமாரே அவனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி, மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். செங்கல்பட்டு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சசிரேகா அழுதாள், சாவு வீட்டுக்குப் போனாள், சோபியாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனால் மனசின் ஒரு மூலையில் தைரியமும் இருந்தது. லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, ஒரு வருஷம் கூடத் தவறாமல் கட்டியிருக்கிறாள். அந்தக் குடும்பத்துக்குக் கம்பெனி கொடுக்கும், தனக்கும் வண்டியைச் சரிசெய்து கொடுக்கும் என்று நம்பினாள்.

இரண்டு வாரம் கழித்துக் கம்பெனியின் விசாரணை ஆள் வந்தார். மெதுவாகப் பேசும் மனுஷன். போலீசிடம் இருந்த லைசென்ஸ் நகலைக் காட்டினார்.

"இந்த ரெண்டாவது லைன் பாத்தீங்களாம்மா? விபத்து நடந்த அன்னிக்கு இவருக்கு லாரி ஓட்ட லைசென்ஸ் இல்லை. பதினோரு மாசம் தாண்டிடுச்சு."

அப்போதுதான் முதல் தடவையாக அவள் அந்த வரியைப் பார்த்தாள்.

வசந்த்குமார் அலறியடித்துக்கொண்டு ஓடினான், டாக்டர் சான்றிதழ் வாங்கினான், ஆர்.டி.ஓ. ஆபீசில் பணம் கட்டினான். பத்து நாளில் புதுக் கார்டு வந்தது. அதை ஏந்திக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, ரின்யூவல் ஆயிடுச்சிக்கா. ஒரு வருசத்துக்குள்ள போயிட்டேன், டெஸ்ட் கூட வாணாம்னுட்டாங்க."

தமிழரசன் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது புதுப்பிச்ச தேதியில இருந்துதாம்பா செல்லும். பின்னாடி போயி அந்த நாளை மூடாது. முன்னெல்லாம் முடிஞ்ச பெறவு முப்பது நாள் விட்டு வெச்சிருந்தாங்க. அதையும் எடுத்துட்டாங்க. உனக்கு அது இருந்தாலும் பத்தியிருக்காது."

லாரி பழுதுக்கான கோரிக்கையை ஏற்க முடியாது என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. லாரி முகம் நசுங்கியபடி கொட்டகையில் நின்றது. கோழி அதற்கு அடியில் முட்டை வைத்தது. அதோடு போயிருந்தால் சசிரேகா பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியிருப்பாள். சோபியா தன் மகள் ஏஞ்சலுக்கும் சேர்த்து நஷ்டஈடு கேட்டுக் காஞ்சிபுரத்தில் மனு போட்டிருந்தாள். அதில் முதல் எதிர்மனுதாரர் சசிரேகா, இரண்டாவது கம்பெனி.

"நீ கும்பிட்ற சாமி மேல சத்தியமாக்கா, உன் பேரை நான் சொல்லல. வண்டி ஓனர் பேரு இல்லாம கேசு போட முடியாதுன்னு வக்கீல் சொன்னாரு" என்றாள் சோபியா. ஒரே பஸ்ஸில்தான் இருவரும் வாய்தாவுக்குப் போனார்கள். பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்கள், சோபியா முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை நீட்டினாள்.

தமிழரசன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"சோபியாவுக்குப் பணம் எப்படியும் கிடைச்சிடும். கம்பெனிதான் கொடுக்கப் போவுது. கேள்வி இன்னான்னா, கொடுத்துட்டு அதை உங்ககிட்ட திருப்பி வாங்கலாமா கூடாதான்றதுதான். லைசென்ஸ் இல்லன்னா மட்டும் போதாது. உங்க அலட்சியத்தாலதான் நடந்துச்சின்னு கம்பெனி காட்டணும். வேலைக்கு சேக்கறப்ப பாத்தேன், அப்ப செல்லுபடியா இருந்துச்சி, நல்லா ஓட்னான், அவ்ளோதான் தெரியும்னு சொல்லுங்க. அதுக்கு அப்புறம் கார்டைப் பாக்கலன்னு நீங்க சொன்னா, ஏன் பாக்கலன்னு கேப்பாங்க. அதுக்கு நான் வாதாடிக்கிறேன். ரொம்ப கஷ்டம்தான். ஆனா ஒரு சந்து கீது."

அந்தச் சந்து போதும் என்று நம்பிக்கொண்டு கூண்டில் ஏறினாள் சசிரேகா. எதிரே நீதிபதி அம்மா, பக்கத்தில் டைப் அடிக்கிறவர். கம்பெனி வக்கீல் நரைத்த தலைக்காரர், குரலை உயர்த்தவே இல்லை. அவர் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸ் கிளார்க்கை வரவழைத்து, இரண்டாவது தேதியைப் பதிவேட்டிலிருந்து வாசிக்க வைத்துவிட்டார்.

வேலைக்குச் சேர்க்கும்போது பார்த்தீர்களா? பார்த்தேன். அப்போது செல்லுபடியாக இருந்ததா? இருந்தது. தமிழரசன் லேசாகத் தலையாட்டினார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கம்பெனி வக்கீல் லைசென்ஸ் நகலை அவள் கையில் கொடுத்தார். போட்டோவுக்குக் கீழே கறுப்பாக ஒரு திட்டு விழுந்திருந்தது.

"இது என்ன கறைம்மா? எழுத்தை யாராவது அழிச்சாங்களா?"

திருட்டுப் பட்டம் கட்டுகிறாரே என்று சசிரேகாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"அழிக்கலீங்க. அது குங்குமம். ஆயுத பூஜைக்கு வண்டி புக்கு, இன்சூரன்சு, டிரைவரு லைசென்சு எல்லாத்தையும் தட்டுல வெச்சி, சந்தனம் தடவி, குங்குமம் வெச்சிதான் வண்டியை எடுப்போம். எங்கூட்டுக்காரரு காலத்துல இருந்து அப்படித்தான். அவரு போன பெறவும் நான் ஒரு வருசம் வுட்டதில்ல. என் கையாலதான் வெப்பேன்."

"எந்த வருஷ பூஜைக்கு வெச்சது இது?"

"ஒவ்வொரு வருசமும்தான். விபத்துக்கு முன்னாடி, அந்த ஐப்பசி… இல்ல, புரட்டாசிலதான் வந்துச்சி, அப்பவும் வெச்சேன்."

"அதாவது 2022 அக்டோபர்ல லைசென்ஸ் உங்க கையில இருந்தது."

"ஆமாங்க."

"கண்ணு தெரியும்தானே உங்களுக்கு?"

"நல்லா தெரியும்."

"பிளஸ் டூ வரைக்கும் படிச்சிருக்கீங்க, இல்லையா?"

"ஆமாங்க."

"வேற கேள்வி இல்லை" என்று அவர் உட்கார்ந்தார்.

தமிழரசன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அப்போதும் அவளுக்குப் புரியவில்லை. நீதிபதி அம்மா சொல்லச் சொல்ல டைப் அடித்ததை வாசித்துக் காட்டினார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஆயுத பூஜையின்போது ஓட்டுநரின் உரிமத்தை என் கையால் வாங்கிக் குங்குமம் வைப்பேன், 2022 அக்டோபரிலும் அவ்வாறு செய்தேன் என்று இருந்தது. சரியாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டாள். போடும்போதுதான் உறைத்தது. காலாவதியாகி எட்டு மாதம் ஆன கார்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, சந்தனத்தைத் தடவி, கும்பிட்டு, வண்டியை ஓட்டுடா என்று தானே எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

வராந்தாவில் சோபியா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"இன்னாக்கா சொன்ன? உங்க வக்கீலு மூஞ்சியே செத்துப்போச்சி."

"நெஜத்த சொன்னேன்டி."

2025 ஆரம்பத்தில் தீர்ப்பு வந்தது. பதினெட்டு லட்சம், வட்டி தனி. கம்பெனி முதலில் மனுதாரர்களுக்குக் கொடுக்க வேண்டும், பிறகு வாகன உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம், அதற்குத் தனி வழக்கு வேண்டாம், இதே தீர்ப்பின் மேல் நிறைவேற்று மனு போட்டால் போதும். உரிமம் காலாவதியானதை அறிந்துகொள்ள எல்லா வாய்ப்பும் இருந்தும் உரிமையாளர் கவனிக்கவில்லை என்று எழுதியிருந்தது. சாட்சியத்தில் அவரே ஒப்புக்கொண்டபடி என்றும் எழுதியிருந்தது.

"ஹைகோர்ட்டு போலாமா சார்?"

"போலாம். பணம் கட்டித்தான் அப்பீல் போடணும். போட்டாலும் அங்கயும் இந்தப் பேப்பரைத்தான் படிப்பாங்க" என்றார் தமிழரசன். அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கம்பெனி சொன்ன நாளில் பணத்தைக் கட்டியது. ஏஞ்சல் பங்கு அவளுக்குப் பதினெட்டு வயதாகும் வரை வங்கியில் வைக்கப்பட்டது. பிறகு கம்பெனி சசிரேகாவின் பக்கம் திரும்பியது. லாரி இரும்பு விலைக்குப் போனது. அது வட்டிக்கே பற்றவில்லை. நிலத்தை ஜப்தி செய்தார்கள்.

இந்த வருஷம் தை மாதம். ஜப்தியில் இருந்தாலும் நிலம் சும்மா கிடக்கக் கூடாது என்று நவரைப் பட்டத்துக்கு உழுது வைத்திருந்தாள். பத்துப் பெண்கள் சேற்றில் இறங்கி நட்டுக்கொண்டிருந்தார்கள், வரிசையில் சோபியாவும் இருந்தாள். பணம் வந்த பிறகும் அவள் கூலிக்கு வருவதை விடவில்லை. சசிரேகாவின் நிலத்துக்குக் கூப்பிடாமலேயே வந்தாள். வரப்பில் கோர்ட் அமீனா வந்து நின்றார். மோட்டார் கொட்டகைச் சுவரில் ஏல அறிவிப்பை ஒட்டிவிட்டு ஒரு பிரதியை அவளிடம் கொடுத்தார்.

"படிச்சிட்டு கையெழுத்துப் போடுங்கம்மா."

சசிரேகா படித்தாள். இந்தத் தடவை ஒரு வரி விடாமல் படித்தாள். முன்பக்கம் முடித்துப் பின்பக்கம் திருப்பினாள். அவள் பெயர், பஞ்சாட்சரத்தின் பெயர், சர்வே எண், நான்கு எல்லை, எல்லாம் சரியாக இருந்தது. கடைசி வரியில் ஏலத் தேதி இருந்தது. தமிழ்க் கணக்கில் மாசி இருபது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். இன்றைக்கு நடுகிற நாற்று அறுப்புக்கு வர பங்குனி ஆகும்.

கீழே நடவு நின்றுபோயிருந்தது. சோபியா கையில் நாற்று முடியோடு நிமிர்ந்து நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"நடவாக்கா, நிறுத்திடவா?"

சசிரேகா அமீனாவின் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில், யாரும் கேட்காமலே, தேதியும் போட்டாள்.

"நடு சோபியா" என்றாள். "நாத்து இன்னாடி பண்ணுச்சி."