பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்

எனக்குக் கூழைக்கும்பிடு பிடிக்காது. 'தங்கள் சமூகத்தைப் பணிந்து', 'கருணை கூர்ந்து' என்று யாராவது தமிழில் எழுதிக்கொண்டு வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்திரண்டு வருடமாகப் பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளர் நான். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு முத்திரை, இதுதான் என் அலுவலகம். அந்த எரிச்சலைத்தான் ஒரு மனிதரின் தலையில் இறக்கிவிட்டேன்.

அவர் என் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் தனியார் மருத்துவமனையில் லிஃப்ட் இயக்குபவர். எல்லோருக்கும் லிஃப்ட் அண்ணன். பதினேழு வருடம் ஏழு மாடிக்கும் ஆட்களை ஏற்றி இறக்கியவர். அன்று மதியம் முகமெல்லாம் சிவந்து என் அறைக்குள் வந்தார். நோயாளிகளின் முன்னாலேயே மேற்பார்வையாளர் அவரை வாடா போடா என்று பேசியிருக்கிறார்.

"எனக்கு ஒரு மானம் மரியாதை இல்லையா மேடம்? இன்னைக்கே கிளம்பணும். இதை இங்கிலீஷ்ல போட்டுக் குடுங்க. ஹெட் ஆபீஸ்ல தமிழ் படிக்க ஆள் இல்ல."

கோட்டுத் தாளில் அழகான கையெழுத்து. மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, பதினேழு வருடம் வாய்ப்புத் தந்ததற்கு நன்றி சொல்லி, கடைசியில் இப்படி முடிந்தது: 'ஆகவே, என்னைப் பணியிலிருந்து விடுவித்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' தேதி எதுவும் இல்லை.

திட்டு வாங்கியவர் நன்றி சொல்வதா! "அண்ணே, வேலையை விடறதுக்கும் கெஞ்சணுமா?" என்று கேட்டேன். "நிமிர்ந்து நின்னு சொல்லுங்க."

"நீங்க படிச்சவங்க. உங்களுக்குத் தெரியாததா?"

கம்ப்யூட்டரில் தட்டினேன். நன்றியை ஒரு வரியாகச் சுருக்கினேன். கடைசி வாக்கியத்தை 'நான் உடனடியாகப் பதவி விலகுகிறேன்' என்று பொருள்படும் ஆங்கிலத்தில் நறுக்கென்று போட்டேன். அவருடைய தாளில் உடனடியாக என்ற சொல்லே கிடையாது. அது அவர் வாயில் இருந்தது. தாளை மொழிபெயர்க்க வேண்டியவள் வாயை மொழிபெயர்த்தேன். மூலத்துக்கு உண்மையானது, சரியானது என்று கீழே முத்திரையும் குத்தினேன். அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. அவர் கையெழுத்துப் போட்டு, அந்த ஆங்கிலத் தாளை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தார். தமிழ்த் தாள் மடிந்து அவர் பையிலேயே இருந்துவிட்டது.

கோபம் இரண்டு நாளில் தணிந்தது. மேற்பார்வையாளரே வருத்தம் தெரிவித்தாராம். தவிர, வீட்டில் மனைவி இருக்கிறார். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தவர். வாரம் மூன்று முறை அதே மருத்துவமனையில் ரத்தச் சுத்திகரிப்பு. ஊழியர் குடும்பங்களுக்கு மருத்துவமனை தரும் சிகிச்சை அட்டையில் இலவசமாக நடப்பது. வேலை போனால் அட்டையும் போகும். இது எனக்கு அன்று தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

மூன்றாம் நாள் காலை, ராஜினாமாவைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார். மாலையில் பதில் வந்தது. 'உங்கள் ராஜினாமா பெறப்பட்ட நேரத்திலேயே அமலுக்கு வந்துவிட்டது. திரும்பப் பெற எதுவும் இல்லை.'

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தார். மனைவியின் சிகிச்சையைப் பற்றி அப்போதுதான் சொன்னார். கூடவே மருத்துவமனையின் பணிவிதிப் புத்தகம். ராஜினாமா பற்றிய விதியைத் தேடிப் படித்தேன். ஊழியர் தன்னை விடுவிக்கும்படி கேட்டால், நிர்வாகம் எழுத்தில் ஏற்கும்வரை அந்தக் கோரிக்கையைத் திரும்பப் பெறலாம். உடனடியாக விலகுகிறேன் என்று அறிவித்தால், கடிதம் போய்ச் சேர்ந்ததுமே வேலை முடிந்தது. நான் கூழைக்கும்பிடு என்று வெட்டி எறிந்த வாக்கியம்தான் அவருக்குத் திரும்பி வரும் வழி. கேட்டுக்கொள்கிறேன் என்பது கெஞ்சல் இல்லை, முடிவை எதிராளியின் கையில் விடுவது. ஆங்கிலத்திலும் அதை மரியாதை குறையாமல், ஒரே வரியில் எழுதியிருக்கலாம். அடிப்பாவி, இதுவா இருபத்திரண்டு வருஷ அனுபவம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"அண்ணே, தப்பு என்னோடது. தீர்ப்பாயத்துல மனு போடுங்க. நான் வந்து சொல்றேன்."

"உங்க லைசென்ஸ் போயிடுமே மேடம்?"

"போகட்டும். அக்காவோட அட்டை இருக்கணும்."

தொழிலாளர் தீர்ப்பாயம் மூன்றாம் மாடியில் ஒரு நீளமான அறை. அண்ணனுடைய மனைவி பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கி, செருப்பு பாதி வரைதான் ஏறியிருந்தது. விசாரணை முடியும்வரை அட்டை செல்லும் என்று அதிகாரி இடைக்கால உத்தரவு போட்டிருந்ததால் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சத்தியப்பிரமாணம் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். தமிழ்த் தாளில் இருப்பது கோரிக்கை, ஆங்கிலத்தில் இருப்பது அறிவிப்பு, மாற்றியது நான். அதிகாரி குனிந்து எழுதிக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

மருத்துவமனை வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தாத மனிதர்.

"உடனடியாகங்கிற வார்த்தை தமிழ்ல இல்ல. சரி. அதை ஏன் சேர்த்தீங்க?"

நானாகச் சேர்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது. கடிதம் எழுதிய அன்று என் அறையில் நாங்கள் இரண்டே பேர். அவர் சொன்னதை வேறு யாரும் கேட்கவில்லை. அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே ஒரு தாளில் இல்லாததை உண்மை என்று முத்திரை குத்தியவள் நான். இப்போது சத்தியம் செய்துவிட்டு இன்னொரு முறையா?

"அவர் சொன்னார்," என்றேன்.

"என்ன சொன்னார்? அவரோட வார்த்தையிலேயே சொல்லுங்க."

"இன்னைக்கே கிளம்பணும்னு."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வேறு கேள்வி தேவைப்படவில்லை.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. ஆங்கிலத்தில். அண்ணன், அவர் மனைவி, நான் மூவரும் தீர்ப்பாய வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். "நீங்களே படிங்க மேடம்" என்று அண்ணன் நீட்டினார். உங்களை இனி எவன் நம்புவான் என்று அவர் கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மொழிபெயர்ப்பில் பிழை இருப்பது உண்மை. ஆனால் நிர்வாகத்திடம் மனுதாரர் கையெழுத்திட்டுக் கொடுத்தது ஆங்கிலக் கடிதம் மட்டுமே. அன்றே விலகுவதுதான் அவருடைய எண்ணம் என்பது மொழிபெயர்ப்பாளரின் சாட்சியத்தாலேயே உறுதியாகிறது. மனு தள்ளுபடி. இடைக்கால உத்தரவு ரத்து. மொழிபெயர்ப்பாளர் மீது நடவடிக்கை எடுக்கப் பதிவுக் குழுவுக்குப் பரிந்துரை. அதற்கு அடுத்த வரியில் என் விரல் நின்றுவிட்டது.

"பொய் சொல்லியிருக்கலாமேன்னு நான் கேக்க மாட்டேன்," என்றார் அண்ணன். "சொன்னது நான்தானே." எழுந்து ஜன்னல் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"கடைசியில ஒரு வரி விட்டுட்டீங்களே," என்றார் அவர் மனைவி. ஆங்கிலம் தெரியாது, என் விரல் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏழு நாளுக்குள்ள சிகிச்சை அட்டையைத் திரும்ப ஒப்படைக்கணும்னு போட்டிருக்கு அக்கா."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் சில்லென்று இருந்தன.

"ஒப்படைக்கும்படி கேட்டுக்கிறாங்களா? நல்லாப் பார்த்துச் சொல்லும்மா. கேட்டுக்கிறோம்னு இருந்தா, முடியாதுன்னு ஒரு பதில் எழுதலாம்ல?"

இன்னொரு முறை படித்தேன். தேவையே இல்லாமல் மூன்றாம் முறையும் படித்தேன்.

"இல்லக்கா. உத்தரவு."